வயரும் ஒரு வீட்டுக்காரர்தான்: சோலார் இன்வெர்ட்டருக்கும் டிபி பாக்ஸுக்கும் நடுவுல காணாமப் போற வோல்டேஜ்

போன எபிசோடுல சோலார் பேனல் பத்திப் பேசினப்போ நிறையப் பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "வெயில் நல்லா அடிக்கிற நேரத்துலதான் என் இன்வெர்ட்டர் ஆஃப் ஆகுது, ஏன்?" இன்னைக்கு அதை மட்டும் எடுத்துக்கலாம். பதில் பல நேரம் பேனல்லயும் இல்ல, இன்வெர்ட்டர்லயும் இல்ல. இன்வெர்ட்டர்ல இருந்து வீட்டு டிபி பாக்ஸ் வரைக்கும் போற ஏசி கேபிள்ல இருக்கு.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் எங்க பெரியப்பா வீடு. ஊர் மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துல தென்பெண்ணைக் கரையில, சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்குது. அதுக்கு மேல கிலோவாட்டைக் கூட்டினாலும் மானியம் கூடாது. அதனால பெரியப்பாவும் பல பேரைப் போல 3 கிலோவாட்டுதான் போட்டாரு. 540 வாட் பேனல் ஆறு, ஒரு சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர்.

வீடு ஓட்டு வீடு, மேல புளியமரத்து நிழல் வேற. அதனால பேனலை வீட்டுக்குப் பின்னாடி, மாட்டுக் கொட்டாயைத் தாண்டி, உர மூட்டை வைக்கக் கட்டின மெத்தை போட்ட ரூம் மேல மாட்டினாங்க. இன்வெர்ட்டரும் அந்த ரூம் சுவர்லயே. அங்க இருந்து வீட்டு டிபி பாக்ஸுக்கு 45 மீட்டர் தூரம். போட்ட வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர்.

காலையில ஒழுங்கா ஓடும். பதினோரு மணிக்கு மேல ஆப்ல `Grid Overvoltage`னு வரும், இன்வெர்ட்டர் நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிக்கும். ஒரு நாளைக்கு 12 யூனிட் கிட்ட வரவேண்டிய சிஸ்டம், 8 யூனிட்டோட முடிஞ்சிடுது. மாட்டிக் கொடுத்தவரு "இபி வோல்டேஜ் அதிகம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. லைன்மேன் வந்து மீட்டர்ல பார்த்துட்டு "லைன் கரெக்டா இருக்கு, உங்க இன்வெர்ட்டர்தான் கோளாறு"ன்னாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஆனா ரெண்டு பேருமே நடுவுல இருக்கிற 45 மீட்டரைப் பார்க்கலை.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். வயர்ல வோல்டேஜ் குறையும்னு எல்லாருக்கும் தெரியும். கடைசி வீட்டுல பல்பு மங்கலா எரியறதைப் பார்த்திருப்போம். அங்க கரண்ட் கம்பத்துல இருந்து வீட்டுக்கு வருது, அதனால வீட்டுப் பக்கம் குறையுது. சோலார்ல திசை மாறுது. கரண்ட் இன்வெர்ட்டர்ல இருந்து டிபி பாக்ஸுக்குப் போகுது. டிபி பாக்ஸ் வோல்டேஜை இபி லைன் பிடிச்சு வெச்சிருக்கு. ஊரே தொங்கற லைன் அது, நம்ம சின்ன இன்வெர்ட்டருக்காக அது இறங்கி வராது. அப்போ இன்வெர்ட்டர்தான் மேல ஏறணும்.

தண்ணியா நினைச்சுப் பாருங்க. தூரத்துல ஒரு தொட்டி, அதோட தண்ணி மட்டம் மாறவே மாறாது. அதுக்கு ஒரு சின்ன பைப் வழியா நிறையத் தண்ணி அனுப்பணும்னா, நம்ம தொட்டியை இன்னும் உயரத்துல வைக்கணும். பைப் எவ்வளவு ஒல்லியோ, எவ்வளவு நீளமோ, அவ்வளவு உயரம். வயர்ல தொலையற ஒவ்வொரு வோல்ட்டையும் இன்வெர்ட்டர் தன் முனையில கூடுதலா ஏத்தித்தான் ஆகணும். வயர்ல டிராப், இன்வெர்ட்டர் முனையில ஏத்தம். ரெண்டும் ஒரே கணக்கு.

அந்த உயரத்துக்கு ஒரு கூரை இருக்கு. மத்திய மின்சார ஆணையத்தோட 2013 விதிமுறைப்படி, வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினா இன்வெர்ட்டர் ரெண்டு செகண்டுக்குள்ள லைனை விட்டு விலகணும். 230 வோல்ட்டுக்கு 110 சதவீதம்னா 253 வோல்ட். விலகின பிறகு, லைன் சரியா இருக்கான்னு குறைஞ்சது ஒரு நிமிஷம் பார்த்துட்டுத்தான் மறுபடி சேரணும். பெரியப்பா வீட்டுல நின்னு நின்னு ஓடினதுக்கு இதுதான் காரணம். சட்டப்படி அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.

இப்போ கணக்கு. சிங்கிள் ஃபேஸ்ல கரண்ட் ஒரு வயர்ல போய் இன்னொரு வயர்ல திரும்பணும், அதனால நீளத்தை ரெண்டால பெருக்கறோம்:

```
V = 2 × L × I × R / 1000
```

இதுல L மீட்டர்ல நீளம், I ஆம்பியர்ல கரண்ட், R ஒரு கிலோமீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸ். 3,000 வாட்டை 230-ஆல வகுத்தா 13 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் மதிய வெயில்ல சூடா இருக்கும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 9 ஓம். 2 × 45 × 13 × 9 / 1000. விடை 10.5 வோல்ட்.

253-ல இருந்து 10.5-ஐக் கழிச்சா 242.5. அதாவது டிபி பாக்ஸ்ல 242.5 வோல்ட் வந்தாலே, முழு உற்பத்தியில இந்த இன்வெர்ட்டர் நின்னுடும். ஆனா இபி 243 வோல்ட் வரைக்கும் கொடுத்தாலும் அது அனுமதிச்ச 6 சதவீதத்துக்குள்ளதான். அவங்க மேல குறை சொல்லவே முடியாது.

"2.5 வயர் 13 ஆம்பியர் தாங்குமே"ன்னு கேட்பீங்க. தாங்கும், உருகாது. மாட்டினவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்காரு. ஆனா வயர் சூடு தாங்குதாங்கறது ஒரு கேள்வி, அது எவ்வளவு வோல்டேஜைச் சாப்பிடுதுங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு நீளம் தேவையே இல்ல. ரெண்டாவதுக்கு நீளம்தான் எல்லாமே. 5 மீட்டர்ல இதே வயர் 1.2 வோல்ட்டுக்கு மேல எடுக்காது, யாருக்கும் பிரச்னையே தெரிஞ்சிருக்காது.

கணக்கு சரியான்னு எப்படிப் பார்க்கறது? ஒரு வெயில் நாள், பன்னெண்டே கால் மணி. ஊர் எலக்ட்ரீஷியன் டிபி பாக்ஸ்ல மல்டிமீட்டரோட நின்னாரு, நான் இன்வெர்ட்டர் கிட்ட போனோட. (லைவ் டிபி பாக்ஸை நீங்களே திறக்காதீங்க, தெரிஞ்சவரை வெச்சுப் பண்ணுங்க.) ஒரே நேரத்துல ரீடிங் எடுத்தோம். உற்பத்தி 2.7 கிலோவாட், அதாவது 10.8 ஆம்பியர் கிட்ட. இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேல 251 வோல்ட், டிபி பாக்ஸ்ல 240. அப்புறம் இன்வெர்ட்டரை நிறுத்தினோம். டிபி பாக்ஸ் 238-க்கு இறங்குச்சு.

இந்த மூணு நம்பர் போதும், யார் எவ்வளவுன்னு பிரிச்சிடலாம். 238 இபி-யோடது. 238-ல இருந்து 240 வரைக்கும் 2 வோல்ட், கம்பத்துல இருந்து வர்ற சர்வீஸ் வயரும் தெரு லைனும் சேர்ந்து ஏத்தினது. மீதி 11 வோல்ட் முழுசா நம்ம கேபிள். உற்பத்தி 3 கிலோவாட்டைத் தொட்டா இன்னும் ஒரு வோல்ட்டுக்கு மேல ஏறும். அந்த நேரத்துல பக்கத்துக் கொல்லையில ஒரு மோட்டார் நின்னா லைனும் கொஞ்சம் ஏறும். 253 தாண்டியாச்சு.

இங்க இன்னொண்ணு கவனிங்க. 10.8 ஆம்பியருக்கு ஃபார்முலா சொல்றது 8.7 வோல்ட்தான். மீட்டர் 11 காட்டுது. மீதி 2.3 வோல்ட் எங்க போச்சு? வயர்ல இல்லைன்னா ஜாயின்ட்ல. 2.3-ஐ 10.8-ஆல பெருக்குங்க, 25 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, ஒரு திருகு முனையில, தினமும் மதியம் பூரா. இன்வெர்ட்டர் பக்கத்து ஐசொலேட்டர் பாக்ஸைத் திறந்தா, ஒரு முனையில பிளாஸ்டிக் பழுப்பா மாறி, திருகு லூசா இருந்துச்சு. உர மூட்டையும் சாக்கும் அடுக்கி வெச்சிருக்கிற ரூம் அது. யூனிட் நஷ்டத்தை விட இதுதான் என்னைப் பயமுறுத்துச்சு. கணக்குல வர்றதை விட அளந்தது அதிகமா இருந்தா, முதல்ல ஜாயின்ட்டைத் தேடுங்க.

மாட்டினவரு போன்ல ஒரு வழி சொல்லியிருந்தாரு: "பாஸ்வேர்டு போட்டு மெனுவுல 253-ஐ 270 ஆக்கிடறேன், நிக்காது." நிக்காதுதான். ஆனா 25 வாட் சூடு அந்த முனையில அப்படியே இருக்கும், முன்னைய விட அதிக நேரம். வயர்ல வீணாகற கரண்டும் வீணாகிட்டேதான் இருக்கும். ஒரு நாள் லைன்லயே நிஜமா 260 வந்தா, விலக வேண்டிய இன்வெர்ட்டர் விலகாம இன்னும் மேல தள்ளும். விதிமுறையும் மீறினதாகும். பெரியப்பா வேணாம்னுட்டாரு.

சரியான வழி ரெண்டு. ஒண்ணு, கேபிளைப் பெருசாக்கறது. 6 சதுர மில்லிமீட்டர் காப்பர்ல இதே தூரத்துக்குச் சுமார் 4.3 வோல்ட். 10-ல 2.6. அலுமினியம்னா ஒரு படி மேல போகணும், 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 10 காப்பருக்குச் சமம். இந்த ஏசி ஓட்டத்துல டிராப்பை 230-ல ஒரு சதவீதத்துக்கு, அதாவது 2.3 வோல்ட்டுக்குப் பக்கத்துல வெச்சா நிம்மதி.

ரெண்டு, இன்வெர்ட்டரையே டிபி பாக்ஸ் பக்கத்துல மாட்டிட்டு, பேனல்ல இருந்து வர்ற டிசி கேபிளை 45 மீட்டர் இழுக்கறது. "அங்கயும் டிராப் ஆகுமே?" ஆகும். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயர்ல சுமார் 6 வோல்ட் போகும். ஆனா டிசி பக்கம் குறையற வோல்டேஜ் வெறும் நஷ்டம். கொஞ்சம் கரண்ட் குறையும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் அதுக்காக நிக்காது. ஏசி பக்கம் குறையறது மட்டும்தான் அதைக் கூரையில முட்ட வைக்குது. புதுசா போடறவங்களுக்கு இந்த வழிதான் சுலபம்.

பெரியப்பா வீட்டுல பேனல், இன்வெர்ட்டர் எல்லாம் மாட்டி முடிஞ்சதால முதல் வழி. 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள், மண்ணுக்குள்ள. அவ்வளவு தடிமனான கேபிள் இன்வெர்ட்டரோட சின்ன கனெக்டர்ல நுழையாது. அதனால இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு மீட்டருக்கு மட்டும் காப்பர் வயர், அங்க ஒரு ஜாயின்ட் பாக்ஸ், அதுல இருந்து பெரிய கேபிள். அலுமினியமும் காப்பரும் நேரடியா சேர்ந்தா நாளடைவுல அரிச்சு லூசாகும், அதனால பைமெட்டல் லக் போட்டாங்க. புது ஐசொலேட்டரும் மாத்தினாங்க. மறுபடி அதே மதிய நேரம், அதே உற்பத்தியில அளந்தோம்: இன்வெர்ட்டர்ல 242, டிபி பாக்ஸ்ல 240.

கேபிள் எல்லாத்தையும் சரி பண்ணாது. இன்வெர்ட்டரை நிறுத்தின பிறகும் டிபி பாக்ஸ்ல 250 காட்டுச்சுன்னா, அது லைன் பிரச்னை. அந்த ரீடிங்கை நேரத்தோட எழுதி இபி ஆபீஸ்ல கொடுங்க. வோல்டேஜ் 200-க்கும் 260-க்கும் மாறி மாறித் தாவுச்சுன்னா நியூட்ரல் லூசா இருக்கலாம். அப்போ கணக்குப் போட்டுட்டு உட்காராதீங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

இனிமே சோலார் போடப்போறவங்க கொட்டேஷன்ல ஒரு வரி கேட்டு வாங்குங்க: "இன்வெர்ட்டர்ல இருந்து டிபி பாக்ஸ் வரை ஏசி கேபிள் இத்தனை மீட்டர், இத்தனை சதுர மில்லிமீட்டர், முழு உற்பத்தியில டிராப் இத்தனை வோல்ட்." இந்த மூணு நம்பரையும் எழுதிக் கொடுக்கறவரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்காருன்னு அர்த்தம். எழுதலைன்னா, மேல இருக்கிற ஃபார்முலாவுல நீங்களே போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.