ரொட்டியும் பாடமும்: மத்ரஸாக் கல்லூரியின் தோற்றம் பற்றி ஓர் உரை



நூற்றாண்டு விழாவில் ஒரு வரலாற்று உரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வரலாறு படிப்பித்த நாங்கள் சிலர் கூடிப் பேசி இந்தத் தலைப்பைத் தெரிந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் 'மத்ரஸா' என்ற சொல் தேநீர்க் கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. அரசு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள். நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, 1990 ஒக்டோபரில் இந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவுத் தோழியரின் பிள்ளைகள் சிலர் படிக்கும் இடங்கள் அவை. ஆகவே அந்தக் கல்லூரி எப்படிப் பிறந்தது, அரசின் காசும் ஒரே பாடமும் அதற்குள் எப்படி வந்தன என்று அறிவது நமக்கு அந்நியமான விடயம் அல்ல.

முதலில் கல்லூரி என்று ஒன்று இருக்கவில்லை. இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டுகளில் பள்ளிவாசல் தூணருகே ஆசிரியர் அமர்வார். மாணவர் அவரைச் சுற்றி வட்டமாக இருப்பர். ஒரே பள்ளிவாசலில் பல வட்டங்கள் நடக்கும். ஒன்று பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போகலாம். குறை ஒன்றுதான்: தூர ஊரிலிருந்து வரும் ஏழை மாணவன் எங்கே படுப்பான், என்ன உண்பான்? பத்தாம் நூற்றாண்டளவில் பள்ளிவாசலுக்கு அருகே தங்குமடம் கட்டும் வழக்கம் வந்தது. அதற்கு அடுத்த படியில் பாடசாலையும் விடுதியும் சம்பளமும் உணவும் ஒரே தர்மத்துக்குள் அடங்கின. அதுதான் மத்ரஸா. பாடம் சொல்லும் இடம் என்பதே அச்சொல்லின் பொருள். கிழக்குப் பாரசீகத்தின் நிஷாபூர் போன்ற நகரங்களில் இத்தகையவை முன்னரே இருந்தன.

இதைத் தாங்கி நின்ற தூண் வக்ஃபு. நமக்கு விளங்கும் மொழியில் சொன்னால், தர்மசாதன உறுதி. ஒருவர் தம் கடைகளையோ வயலையோ நிரந்தரமாக எழுதிக் கொடுப்பார். அதை விற்க முடியாது. வருமானம் மட்டும் அவர் குறித்த தர்மத்துக்குப் போகும். ஆசிரியர் யார், மாணவர் யார், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த உறுதியில் இருக்கும். மார்க்கத்துக்கு முரண்படாதவரை, எழுதியவரின் நிபந்தனையை நீதிபதியும் மாற்றத் தயங்குவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

இனி நிஸாமுல் முல்க்கிடம் வருவோம். இவர் செல்ஜுக் சுல்தான்களின் முதன்மை அமைச்சர். 1018 முதல் 1092 வரை வாழ்ந்தவர். இவருக்கு முன்னிருந்த அமைச்சர் குந்துரீ, அஷ்அரீ என்ற இறையியல் வழியினரைப் பள்ளிவாசல் மேடைகளில் சபிக்கச் செய்தார். அறிஞர்கள் சிலர் சிறைப்பட்டனர். ஜுவைனீ என்ற பேரறிஞர் நாட்டை விட்டு மக்காவுக்கும் மதீனாவுக்கும் போனார். நிஸாமுல் முல்க் பதவிக்கு வந்ததும் இது தலைகீழாயிற்று. ஜுவைனீ திரும்பி வந்தார். அவருக்காக நிஷாபூரில் ஒரு மத்ரஸா எழுந்தது. முந்திய அமைச்சர் தண்டனையால் செய்யப் பார்த்ததை இவர் சம்பளத்தால் செய்தார். இரண்டில் எது நீடித்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

பக்தாதில் இவர் கட்டிய நிஸாமிய்யா 1065இல் தொடங்கி 1067இல் திறக்கப்பட்டது. அதன் உறுதியின் சாரத்தை வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ பதிந்திருக்கிறார். ஸுன்னிகளிடையே சட்ட வழிகள், அதாவது மத்ஹபுகள், நான்கு: ஹனபி, மாலிகி, ஷாபிஈ, ஹன்பலி. நிஸாமிய்யாவின் வருமானம் ஷாபிஈ வழியினருக்கே உரியது. பேராசிரியரும் பிரசங்கியாரும் நூலகரும் அவ்வழியினராக இருக்க வேண்டும். குர்ஆன் ஓதக் கற்பிப்பவர் ஒருவரும் அரபு இலக்கணம் கற்பிப்பவர் ஒருவரும் இருக்க வேண்டும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவதும் இந்த ஷாபிஈ வழிதான்.

இந்த உறுதியில் பாடநூல் பட்டியல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்ன நூலை இன்ன வகுப்பில் படிப்பிக்க வேண்டும் என்று அமைச்சர் எழுதவில்லை. படித்து முடித்தவனுக்குச் சான்று தருவதும் கல்லூரி அல்ல. இஜாஸா என்ற அனுமதியை ஆசிரியர் தம் பெயரில் கொடுத்தார். அப்படியிருந்தும் பாடம் ஒன்றாயிற்று. ஷாபிஈ அறிஞருக்கே சம்பளம், ஷாபிஈ மாணவனுக்கே உணவும் அறையும் என்றால், அங்கே வேறு எதைப் படிப்பிப்பார்கள்? பேராசிரியரை நியமிக்கும் உரிமையையும் விலக்கும் உரிமையையும் அமைச்சர் தம் கையிலேயே வைத்திருந்தார். பின்னர் அவை அவர் பிள்ளைகளிடம் போயின. தத்துவம், மருத்துவம், கணிதம் எல்லாம் பக்தாதில் தடைசெய்யப்படவில்லை. வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் அவை நடந்தன. ஆனால் அவற்றுக்கு இந்த உறுதியில் ரொட்டி இல்லை.

ரொட்டிக்கு எவ்வளவு பலம் என்பதைத் திறப்புவிழாவே காட்டியது. முதற் பேராசிரியராக அழைக்கப்பட்டவர் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கூடிக் காத்திருந்தார்கள், அவர் வரவில்லை. வரும் வழியில் ஓர் இளைஞன், அபகரித்த இடத்திலா பாடம் சொல்லப் போகிறீர் என்று கேட்டதாகவும், அவர் திரும்பிப் போய் ஒளிந்துகொண்டதாகவும் சொல்லப்படுகிறது. அவருக்குப் பதிலாக இப்னுஸ் ஸப்பாக் என்பவரை அமர்த்தினார்கள். அமைச்சர் விடவில்லை. அதைவிடப் பெரிய நெருக்கடி ஷீராஸீயின் சொந்த மாணவரிடமிருந்து வந்தது: நீங்கள் அங்கே போகாவிட்டால் நாங்கள் அவரிடம் போய்விடுவோம் என்றார்கள். இருபது நாட்களில் ஷீராஸீ இணங்கினார். ஆனாலும் தொழுகை நேரம் வந்தால் வெளியே போய் வேறொரு பள்ளிவாசலில் தொழுதார் என்கிறார்கள். மாணவரின் வயிறு முடிவுசெய்த இடத்தில் ஓர் அறிஞரின் மனச்சாட்சிக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இதை வைத்து, நிஸாமிய்யா என்பது ஷீஆக்களுக்கு எதிராக அரசு நிறுவிய அதிகாரபூர்வ இறையியல் தொழிற்சாலை என்று பல நூல்கள் எழுதின. எகிப்தில் பாத்திமிகள் ஷீஆப் பிரிவான இஸ்மாயிலி வழியைப் பரப்பிய காலம் அது. ஆகவே அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஜோர்ஜ் மக்திஸி என்ற அறிஞர் உறுதிகளைத் தேடிப் படித்துவிட்டு மறுத்தார். உறுதி பேசியது சட்ட வழியைப் பற்றி. அஷ்அரீ இறையியலை அது கட்டாயப் பாடமாக்கவில்லை. சட்டப்படி அது ஒரு தனியாரின் தர்மம். அந்தத் தனியார் நாட்டின் முதன்மை அமைச்சராக இருந்தார். 1077இல் ஒரு பிரசங்கியார் நிஸாமிய்யாவில் அஷ்அரீக் கொள்கையை வெளிப்படையாகப் பேச, பக்தாத் மக்களிடையே செல்வாக்குப் பெற்ற ஹன்பலிகளுடன் கலவரம் மூண்டது, உயிர்களும் போயின. அப்போது ஒரு பக்கம் மட்டும் சாய்வது தமது கொள்கையல்ல என்ற கருத்தில் அமைச்சர் எழுதியதாக ஒரு கடிதம் பேசப்படுகிறது. தாம் ஊட்டி வளர்த்தது தம் கைக்குள் நிற்காது என்பதை அவர் அப்போது கண்டிருப்பார்.

கெட்டுப்போவதை எப்படி அறிவது? கொள்கை மாறுகிறவர்களைப் பார்த்தால் போதும். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து பக்தாதில் வஜீஹ் இப்னுத் தஹ்ஹான் என்ற பார்வையற்ற இலக்கண அறிஞர் இருந்தார். ஹன்பலியாகப் பிறந்து, ஹனபியாகி, நிஸாமிய்யாவில் இலக்கண ஆசிரியர் இடம் காலியானபோது ஷாபிஈ ஆனார். இலக்கணத்துக்கும் சட்ட வழிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உறுதி அப்படிக் கேட்டது. அடுத்து மாலிகியும் ஆவார் என்று ஒரு கவிஞர் கேலி செய்தார். அந்த அறிஞரைக் குறை சொல்லி என்ன பயன்? வினைச்சொல் படிப்பிக்க வருபவரிடம் மத்ஹபு கேட்ட உறுதியில்தான் குறை இருந்தது.

இதற்கு மருந்தும் அதே பக்தாதில் வந்தது. கலீபா முஸ்தன்ஸிர் 1234இல் திறந்த முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு வழிகளுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் இருந்தது. வழிக்கு 62 மாணவராக மொத்தம் 248 பேர். மருத்துவம் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஒற்றைப் பாடத்தை ஒழித்தது கட்டளை அல்ல, விசாலமாக எழுதிய இன்னோர் உறுதி. அதிலும் ஷீஆக்களுக்கு இடம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தைகிரிஸ் கரையில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1178இல் மறைந்த ஷுஹ்தா என்ற பக்தாத் பெண்மணி எழுத்தழகிலும் நபிமொழியிலும் புகழ்பெற்றவர். ஆண்களும் அவரிடம் பாடம் கேட்டு இஜாஸா பெற்றார்கள். ஸலாஹுத்தீனின் சகோதரி ஸித்துஷ் ஷாம் டமாஸ்கஸில் மத்ரஸாக்களையே நிறுவினார். ஆனால் மத்ரஸாவின் சம்பளப் பதவிகள் ஆண்களுக்கே போயின. பாடம் சொல்லும் தகுதியும் கட்டிக்கொடுக்கும் செல்வமும் பெண்களிடம் இருந்தன. உறுதி ஊட்டிய நாற்காலி மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டு மத்ரஸாக்களும் பெரும்பாலும் ஊர்த் தர்மத்தில் பிறந்தவை. வெலிகமையின் பாரி அரபுக் கல்லூரி 1884இல் தொடங்கியது. இங்கும் இந்தியாவிலும் பேசப்படும் 'தர்ஸே நிஸாமி' பாடத்திட்டத்தைக் கேட்டதும் பக்தாத் அமைச்சரை நினைக்க வேண்டாம். அது 1748இல் மறைந்த லக்னோ அறிஞர் முல்லா நிஸாமுத்தீனின் பெயரால் வந்தது. தர்க்கமும் தத்துவமும் அதில் தாராளமாக உண்டு. ஆக, மத்ரஸா என்றாலே ஒரே பாடம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு.

நம் பாடசாலைகளையும் இதே கண்ணால் பார்ப்போம். மிஷனும் சைவச் சபைகளும் நடத்திய உதவி நன்கொடைப் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அவற்றில் பெரும்பாலானவை அரசின் நிர்வாகத்துக்குள் வந்தன. 1980 முதல் பாடநூலும் அரசே இலவசமாகத் தருகிறது. வன்னியின் ஏழைப் பிள்ளை அதனால்தான் படித்தாள். அதை மறுப்பவர் இங்கே யாரும் இல்லை. அந்த நூலில் நம் ஊர் வரலாறு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

நமது சங்கம் இந்த ஆண்டு ஒரு புலமைப்பரிசில் நிதியம் தொடங்குகிறது. நமக்கும் இப்போது ஓர் உறுதி எழுதும் வேலை வந்திருக்கிறது. யாருக்கு, எந்தச் சமயத்தாருக்கு, எந்தப் பாடத்துக்கு என்று நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லும் நாம் இல்லாத காலத்திலும் ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் அல்லது சாத்தும். வெளியேறிப் போன தோழியின் பேத்தி விண்ணப்பித்தால் அவளுக்கும் இடம் இருக்கும்படி எழுதுவோம்.