மாடியில் விழும் வெயிலை மாடியிலேயே நிறுத்துவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சித்திரை, வைகாசி வந்துவிட்டால் நம்ம வீடுகளில் ஒரு கேள்வி எழும். "வெயில் சாய்ஞ்சு போச்சு, வெளியில காத்தும் வருது. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குள்ள மட்டும் ஏன் இப்படி வேகுது?" என்பதுதான் அது. பகலைவிட இரவில் கஷ்டம் அதிகமாகத் தெரியும். கைக்குழந்தை அழுதுகொண்டே இருக்கும். பெரியவர்கள் பாயை வாசலில் போடுவார்கள். மறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தூக்கம் இருக்காது. இதற்காக ஏர்கூலர் வாங்கவும் ஏ.சி. வாங்கவும் குழுவில் கடன் கேட்கும் உறுப்பினர்கள் நம்மில் உண்டு. அந்தக் கடனை எழுதுவதற்கு முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

நம்ம ஊர் வெயில் பக்கவாட்டில் வருவதைவிடத் தலைக்கு மேலேதான் அதிகம் வருகிறது. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலும், சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்டில் மறுபடியும் அப்படி வரும். அதனால் வீட்டின் நாலு சுவரையும்விடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது.

எவ்வளவு வாங்குகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் கட்டிய வீடு 300 சதுர அடி. அதன் கான்கிரீட் மாடி சுமார் 28 சதுர மீட்டர் வரும். கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறக்குறைய 1000 வாட். நாம் துணி தேய்க்கிற ஒரு அயர்ன்பாக்ஸின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தச் சின்ன மாடியின் மேல் 28 அயர்ன்பாக்ஸைச் சூடேற்றி அடுக்கி வைத்தது போல. பூசாத, கறுத்துப்போன கான்கிரீட் அதில் சுமார் 20 பெட்டிச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல வெள்ளையாக இருக்கும் மாடி 8 பெட்டி அளவுக்கு உறிஞ்சும். மீதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். உறிஞ்சியது அத்தனையும் வீட்டுக்குள் இறங்குவதில்லை, பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் போய்விடும். ஆனாலும் இறங்குகிற சூட்டுக்கு மூலம் இதுதான்.

கான்கிரீட் கனமானது. உள்ளே வாங்கிய சூட்டைக் கீழே இறக்க அதற்குச் சில மணி நேரம் ஆகும். மத்தியானம் வாங்கிய வெயிலை அது இரவில் நம் தலைமேல் கொட்டுகிறது. இரவு வேக்காட்டுக்குக் காரணம் இதுதான். ஃபேனைப் போட்டால் கூரைக்கு அடியில் தேங்கிய சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு உறுதியான முக்காலியில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு மேற்குச் சுவரில் வையுங்கள். கூரை அதிகமாகச் சுட்டால் கூரையைக் கவனிக்கணும். சுவர் அதிகமாகச் சுட்டால் சாயங்கால வெயில் அந்தச் சுவரில் அடிக்கிறது என்று பொருள். அப்போது கூரைக்கு வெள்ளை அடித்தால் மட்டும் போதாது. மேற்கு வெயில் தாழ்வாக, நேராக வந்து அடிக்கும். ஜன்னலுக்கு மேல் இருக்கிற சன்ஷேடு அதைத் தடுக்காது. சுவருக்கு வெளியே ஓரடி தள்ளி ஒரு கீற்றுத் தட்டியைக் கட்டுங்கள், இல்லையென்றால் அவரை, பாகல் கொடியைப் படரவிடுங்கள். ஜன்னலுக்கு உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே நிற்கும் தட்டி நல்லது. திரை தடுக்கும்போது சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கும்.

கூரைதான் காரணம் என்றால், செலவு குறைந்த முதல் வேலை சுண்ணாம்பு. அந்த 300 சதுர அடி மாடிக்கு எப்படிச் செய்வது என்று பார்ப்போம். 10 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்புக்கல், 50 லிட்டர் தண்ணீர், 200 கிராம் கோந்து வேண்டும். தண்ணீரை இரும்பு டிரம்மில் ஊற்றிக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போடணும். குவித்து வைத்த கல்லின்மேல் தண்ணீரைத் தெளித்தால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகணும்.

நீர்த்த சுண்ணாம்பு ஒரு நாள் முழுக்க ஊறட்டும். மறுநாள் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த கோந்தைச் சேருங்கள். சுவருக்குப் போடுகிற மாதிரி நீலம் கலக்க வேண்டாம். பளிச்சென்று தெரிவதற்காகப் போடும் நீலம் கொஞ்சம் வெயிலை உறிஞ்சும். மாடியில் இருக்கும் பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, விரிசல் இருந்தால் முதலில் அடைத்துவிடணும். சுண்ணாம்பு ஒழுகலை அடைக்காது. சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டு, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று கோட்டு அடியுங்கள். ஒரு கோட்டு நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்கே. காய்ந்தபின் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒட்டினால் சரி. மாவு மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் கோந்து போதவில்லை, அல்லது காய்ந்த தளத்தின்மேல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அதனால் மாசி, பங்குனியில் அடித்தால்தான் அந்தக் கோடைக்கு முழுப் பலன் கிடைக்கும். மழைநீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் வெளியே திருப்பிவிடணும்.

கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சு சில வருடம் நிற்கும், ஆனால் விலை அதிகம். அதை வாங்கும்போது "எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பும்?" என்று கேட்டு, அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பூச்சாக இருந்தாலும் தூசி படிந்தால் பலன் குறையும். கோடையில் ஒரு தடவையாவது பெருக்கிக் கழுவணும். வெள்ளைக்குப் பதிலாக வெள்ளிப் பெயிண்ட் அடிக்கலாமா என்று பல உறுப்பினர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். வெள்ளிப் பெயிண்டும் வெயிலைத் திருப்பும், ஆனால் உலோகப் பளபளப்பு தான் வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. புதுத் தகரம் கண்ணைக் கூசும்படி மின்னினாலும் தொட்டால் சுடுவது இதனால்தான். வெள்ளை இரண்டு வேலையும் செய்கிறது. வெயிலைத் திருப்புகிறது, வாங்கிய சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடுகிறது.

இதற்கு அடுத்த படி, மாடியின்மேல் சுருக்கித் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த அந்தத் தளத்துக்குள் சிறு சிறு காற்று இடைவெளிகள் இருக்கும். அவை சூடு இறங்குவதை மெதுவாக்கும். தண்ணீரும் தேங்காமல் ஓடும். ஆனால் பாரத்தைக் கணக்குப் பாருங்கள். 300 சதுர அடிக்கு மூன்று அங்குலக் கனத்தில் போட்டால் மூன்று டன்னுக்கு மேல் வரும். பழைய மாடி என்றால், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிறதா என்று பொறியாளரை வைத்துப் பார்த்த பிறகே போடணும். பாரம் கூடாத மாடியில் கோடை நாலு மாதத்துக்கு, தளத்துக்கு மேல் காற்று போகும்படி உயரம் விட்டுக் கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ கட்டலாம். தளத்தின்மேல் நிழல் விழுந்தாலே போதும். கீற்று என்றால் தீ, காற்று இரண்டுக்கும் எச்சரிக்கை வேண்டும்.

தகரக் கொட்டகைக்குக் கணக்கு வேறு. தகரம் மெல்லியது. அது சூட்டைச் சேர்த்துவைக்காது, பகலிலேயே அப்படியே கீழே கொட்டும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். எனவே அங்கே பகலுக்குத்தான் வழி தேடணும். மேல்பக்கம் வெள்ளைப் பூச்சு, உள்ளே அரையடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பாயோ கட்டிய உள்கூரை. இடைவெளியின் இரண்டு முனையையும் திறந்து விடணும். இல்லாவிட்டால் சூடான காற்று வெளியேறாமல் உள்ளேயே தேங்கிவிடும். அடுப்புக்கு மேலே மட்டும் பாய், தட்டி கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்காரர்கள் கவனியுங்கள். அந்த ஷீட்டைச் சுரண்டவோ, துளைபோடவோ, உலர்ந்த பிரஷால் தேய்க்கவோ கூடாது. அதில் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதன்மேல் நடந்தாலும் உடைந்து விழ நேரும். ஏறாமல், ஓரத்தில் ஏணி வைத்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு நீளக்கம்பு ரோலரால் அடிக்கணும்.

பலன் எவ்வளவு? வெள்ளைக் கூரையால் வீட்டின் உள்வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்கிறார்கள். அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் ஏழைகள் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தெலுங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனாலும் இது ஏ.சி. ஆகிவிடாது. கடலோர ஊர்களில் புழுக்கமும் வியர்வையும் அப்படியேதான் இருக்கும். சூரியன் சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால்தான் உள்ளே தங்கிய சூடு வெளியேறும்.

நம்பிக்கை வராதவர்கள் முழு மாடிக்கும் அடிக்க வேண்டாம். நாலடிக்கு நாலடி ஒரு சதுரத்தை மட்டும் வெள்ளையாக அடியுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வெள்ளையின்மேல் கையை வைத்துப் பாருங்கள், பூசாத இடத்தையும் தொட்டுப் பாருங்கள். இரவில் அதே இடத்துக்கு நேர் கீழே உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் மீதி மாடிக்கும் அடிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சதுரத்தை வீட்டுக்காரரிடம் காட்டிப் பேசலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் இரவில் அதிகமாகச் சுடுவது கூரையா, மேற்குச் சுவரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதை வைத்துத்தான் எந்த வீட்டுக்கு என்ன வேலை, எவ்வளவு கடன் தேவை என்று நாம் பேச முடியும்.