வாரம் 500 அடி

நடக்கத் தொடங்கும் பலர் முதல் நாளே 10,000 அடி என்று குறி வைக்கிறார்கள். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவியின் பெயர் அது. வயதான பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வில் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. ஆகவே மெதுவாகக் கூட்டலாம்.

அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனியில் பகல் முழுக்க ஓவர்லாக் மெஷின் முன் உட்காருபவர், நாளுக்கு 3,000 அடி நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் 3,500. அது பழகிய பிறகே 4,000. மாலை ஏழு மணிக்குப் போனில் அடிக் கணக்கைப் பாருங்கள். 500 குறைகிறதா? ஐந்து நிமிட நடைதான். படுக்கப்போகும்போது பார்த்தால் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது.

“போன் சரியாக எண்ணுவதில்லையே” என்பீர்கள். உண்மைதான், மெஷின் மேல் வைத்த போன் எண்ணாது. ஆனால் நமக்கு வேண்டியது போன வாரத்தைவிடக் கூடியதா என்பதே. தினமும் ஒரே பையில், ஒரே நேரங்களில் வைத்திருந்தால் அது தெரிந்துவிடும். முழங்கால் வலித்தால் அந்த வாரம் கூட்டாதீர்கள். இந்த வாரம் எதையும் கூட்டாமல், இப்போது எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள்.