வெள்ளத்துக்குப் பிறகு வங்கியில் தவணை தள்ளிக் கேட்பது எப்படி?
(நாகலூரில் நடந்த கூட்டமைப்பு மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். மழை வெள்ளத்தில் தொழில் செய்யும் இடம் சேதமானால், கடன் கொடுத்தவங்ககிட்ட மூணு மாசம் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது? நான் கேட்டேன், கிடைச்சது. எப்படிக் கிடைச்சதுன்னு கணக்கோடு சொல்றேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதுக்கு அடுத்த ரெண்டு நாள் நம்ம மலையில் பெய்த மழை உங்களுக்குத் தெரியும். மலைப்பாதையில் மண் சரிஞ்சது. மலையில் தண்ணி தேங்காது, ஆனா மேட்டிலிருந்து சேற்றை இழுத்துக்கிட்டு வரும். என் தையல் கூடம் சரிவில் இருக்கு. பின்சுவர் வழியா முழங்கால் அளவு சேறு உள்ளே வந்தது. ரெண்டு பவர் மெஷின் மோட்டாரும், ஓவர்லாக் மெஷின் மோட்டாரும் நனைஞ்சு போச்சு. வெட்டி வைத்திருந்த யூனிஃபார்ம் துணியும் போச்சு. ஒரு பவர் மெஷினும் பழைய பெடல் மெஷினும்தான் மிச்சம்.

வங்கியில் தொழில் கடன் இருந்தது. மாசத் தவணை 5,649 ரூபாய், ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி கணக்கிலிருந்து தானா எடுத்துக்குவாங்க.

முதல் வேலை, கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுப்பது. சேறு நின்ற உயரம் சுவரில் தெரியும்படி, ஒவ்வொரு மெஷினும் தனித்தனியா, நனைஞ்ச துணி கட்டோடு. கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருக்காங்களான்னு பாஸ்புக்கைப் பாருங்க. பிரீமியம் பிடிச்ச வரி இருந்தா, சேதத்தை உடனே எழுத்தில் தெரிவிக்கணும். கம்பெனி ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் கெட்டுப்போன மோட்டாரை எடைக்குப் போடக் கூடாது. அதோடு மெக்கானிக்கிடம் எந்த மோட்டாருக்குக் காயில் கட்டணும், எதை மாத்தணும்னு தொகையோடு ஒரு சீட்டு வாங்கினேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சேதம் பற்றி ஒரு சான்று கேட்டு வாங்கினேன். இந்த மூணும் இல்லாம வங்கிக்குப் போனா, நம்ம பேச்சு வெறும் பேச்சாத்தான் இருக்கும்.

ரெண்டாவது வேலை, தவணைத் தேதிக்கு முன்னாடியே போவது. இது ஏன் முக்கியம்னா, தவணை தவறி ஒரு நாள் ஆனாலே கணக்கு 'கவனிக்க வேண்டிய கணக்கு' பட்டியலுக்குப் போகும். 30 நாள், 60 நாள்னு அது படிப்படியா மோசமாகும். 90 நாள் தாண்டினா வாராக்கடன். சிபில் அறிக்கையிலும் ஏறிடும். ஒழுங்கா இருக்கிற கணக்குக்கு மேலாளர் உதவி செய்ய விதி இடம் கொடுக்குது. வெள்ளத்துக்கு முன்னாடியே பாக்கி விழுந்த கணக்குக்கு அந்தக் கதவு ரொம்பக் குறுகல்.

நான் டிசம்பர் 3-ஆம் தேதி மனு கொடுத்தேன். ஆனா டிசம்பர் தவணைக்கு உண்டான பணத்தைக் கணக்கிலேயே வைத்திருந்தேன். 'மனு கொடுத்தாச்சே, பிடிக்க மாட்டாங்க' என்று நினைக்கக் கூடாது. பதில் எழுத்தில் வரும் வரைக்கும் பழைய தவணைதான் நடப்பில் இருக்கும். கணக்கில் பணம் இல்லாம திரும்பினா, ஒவ்வொரு தடவையும் அபராதக் கட்டணம் விழும். அரசு நிவாரணப் பணம் அதே கணக்கில் வந்தாலும் தவணைக்குப் பிடிச்சுக்க வாய்ப்பு உண்டு. அதனால நிவாரணத்துக்கு வேற கணக்கு எண் கொடுக்க முடிஞ்சா கொடுங்க.

மூணாவது, எத்தனை மாசம் வேணும், ஏன் வேணும்னு கணக்கோடு சொல்வது. "கொஞ்ச நாள் டைம் கொடுங்க சார்" என்றால் அவரால் மேலே எழுத முடியாது. என் கணக்கு இப்படி: துணி, நூல், கூலி, கரண்டு போக மாசம் சுமார் 13,000 நிக்கும். ஜனவரியில் ரெண்டு மெஷினில் 4,000 தான் வரும். பிப்ரவரியில் மோட்டார் சரியாகி 7,000 வரும், ஆனா ரிப்பேர் காசு அதிலிருந்துதான் போகணும். மார்ச்சில் முழு வேலை நடக்கும், தைத்துக் கொடுத்ததுக்குப் பணம் மாசக் கடைசியில்தான் வரும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு மாசம். ஏப்ரல் 5 முதல் பழையபடி கட்டுவேன்.

மனு இவ்வளவுதான் எழுதினேன்:

"ஐயா, தங்கள் கிளையில் நான் பெற்ற தொழில் கடனுக்கு இன்றுவரை தவணை தவறாமல் கட்டி வருகிறேன். டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த கனமழையில் என் தையல் கூடத்தில் சேறு புகுந்து மூன்று மோட்டார்களும் துணியும் சேதமாயின. போட்டோ, மெக்கானிக் மதிப்பீடு, கிராம நிர்வாக அலுவலர் சான்று இணைத்துள்ளேன். ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று தவணைகளைத் தள்ளி வைத்து, ஏப்ரல் 5 முதல் கட்ட அனுமதிக்க வேண்டுகிறேன். இக்காலத்து வட்டியை மாதாமாதம் கட்ட இயலும். இதை அபராத வட்டி இல்லாமல் செய்து, புதிய தவணை அட்டவணையை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மேலாளர் முதலில், "உங்க பகுதிக்குப் பொது உத்தரவு எதுவும் வரலையேம்மா" என்றார். அது பாதிதான். ரிசர்வ் வங்கி இயற்கைச் சீற்றத்துக்கு என்று 2018-ல் வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. பாதிப்பு பெரிசா இருந்தா, மாநில அளவிலான வங்கியாளர் குழுவோ மாவட்ட ஆலோசனைக் குழுவோ கூடி, கைவினைஞர், சிறு வியாபாரி, சிறுதொழில் கடன்களையும் பொதுவாகத் தள்ளி வைக்கலாமான்னு முடிவு பண்ணலாம்னு அதில் இருந்தது. நம்ம மாநிலக் குழுவை நடத்துவது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அப்படிப் பொது முடிவு வந்தாலும் ஒவ்வொருத்தர் நிலையையும் தனித்தனியாப் பார்த்துத்தான் செய்யணும். பொது முடிவு வராவிட்டாலும், தனி மனுவைப் பார்த்து முடிவு பண்ணும் உரிமை வங்கிக்கு இருக்கு. கட்டாயம் இல்லை, ஆனா தடையும் இல்லை. "தனி மனுவாகவே மேலே அனுப்புங்க சார்" என்றேன். அனுப்பினார்.

இப்போ வட்டிக் கணக்கு. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரைக்கும் தவணை தள்ளி வைத்தாங்களே, அப்போ நம்மில் பல பேர் அதைத் தள்ளுபடி என்று நினைச்சோம். தவணை நின்றாலும் வட்டி நிக்காது.

டிசம்பர் தவணை போன பிறகு என் அசல் பாக்கி 1,20,000. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், மீதி 24 தவணை. மாச வட்டி மட்டும் 1,200. மூணு வழி இருந்தது.

முதல் வழி, மூணு மாசம் வட்டி 1,200 மட்டும் கட்டி, பிறகு அதே 5,649-ஐ 24 மாசம் கட்டுவது. கூடுதல் செலவு 3,600.

ரெண்டாவது வழி, மூணு மாசம் ஒண்ணுமே கட்டாம இருப்பது. வட்டி அசலோடு சேர்ந்து 1,23,636 ஆகிடும். தவணைத் தொகை மாறாது, ஆனா 24 தவணைக்குப் பிறகு 25-ஆவதாக ஒரு தவணை வரும். கூடுதல் செலவு சுமார் 4,650.

மூணாவது வழி, ஒண்ணும் கட்டாம இருந்து, கடன் முடியும் தேதியை மட்டும் மாத்தாம வைப்பது. அப்போ 21 மாசத்தில் முடிக்கணும், தவணை 6,557 ஆகும். கூடுதல் சுமார் 2,100 தான். மொத்தத்தில் இதுதான் மலிவு. ஆனா மாசம் 900 ரூபாய்க்கு மேல் ஏறும். தொழில் அப்பத்தான் எழுந்து நிக்கும்போது அது என்னால் முடியாது.

நான் முதல் வழியைக் கேட்டேன். 4,000 வரும் மாசத்திலும் 1,200 கட்டிவிடலாம், அசல் ஏறாது. வங்கிக்கும் 'இந்தம்மா கட்டிக்கிட்டுத்தான் இருக்கு' என்று தெரியும். டிசம்பர் கடைசியில் அனுமதி வந்தது.

அனுமதி வந்ததும் நாலு விஷயம் எழுத்தில் இருக்கான்னு பார்த்தேன். எந்த எந்த மாசத் தவணை தள்ளி வைக்கப்பட்டது, வட்டி அசலில் சேருமா, அபராதமோ வேறு கட்டணமோ உண்டா, கணக்கு 'ஒழுங்கான கணக்கு' என்றே பதிவாகுமா. அப்புறம் ஜனவரி 5-க்கு முன்னாடியே, தானா பிடிக்கும் தொகையை 1,200 ஆக மாத்திட்டாங்களான்னு கேட்டு உறுதி பண்ணினேன். மேலே அனுமதி கொடுத்தும் கம்ப்யூட்டரில் மாத்தாம விட்டா முழுத் தொகையும் போயிடும்.

மறுத்தா என்ன செய்வது? மறுப்பை எழுத்தில் கேளுங்க. மூணு மாசம் இல்லைன்னா ரெண்டு மாசம் கேளுங்க. மாவட்ட லீட் வங்கி மேலாளரிடம் சொல்லலாம். மனுவுக்கு 30 நாளாகியும் பதிலே இல்லை, அல்லது எழுதிக் கொடுத்ததுக்கு மாறா நடந்தாங்கன்னா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாம புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448. ஆனா "தவணை தள்ளி வைக்க மாட்டோம்" என்பது வங்கியின் வியாபார முடிவு. அதை மாத்தச் சொல்லி அவர் உத்தரவு போட மாட்டார்.

நம்ம குழு உள்கடன் வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முடிவு நம்ம கையில்தான். கூட்டத்தில் பேசி, பெயர், தொகை, எத்தனை மாசம்னு தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா போதும். ஆனா குழு வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை அதனால் நிக்காது. அந்த மூணு மாசத் தொகை சேமிப்பிலிருந்து வருமா, மத்தவங்க தவணையிலிருந்து வருமான்னு அன்றைக்கே எண்ணிப் பார்த்துட்டுத் தீர்மானம் போடுங்க. ஒருத்திக்கு உதவப் போய் குழுக் கணக்கு தவறினா, பத்துப் பன்னிரண்டு பேரின் அடுத்த கடன் நிக்கும்.

மனுவின் மாதிரி கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கேன். வேணுங்கிறவங்க நகல் எடுத்துக்கலாம். எழுதத் துணை வேணும்னா செவ்வாய்க்கிழமை வாங்க, உட்கார்ந்து எழுதலாம். பாஸ்புக்கை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க.