காய்ச்சல் பாணி: வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்து
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குத் தலைவலியும் காய்ச்சலும் என்றால் நாம் முதலில் எடுப்பது பரசிட்டமோல் பாணி. நல்ல மருந்துதான். ஆனால் எவ்வளவு குடுக்கணும் என்பதை நிறைதான் சொல்லும். மூன்று வயதில் 16 கிலோ பிள்ளையும் இருக்கு, 11 கிலோ பிள்ளையும் நம்ம லயத்தில் இருக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு சரிவராது.

கணக்கு இதுதான்: ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். கிளினிக் அட்டையில் கடைசியாக நிறுத்த நிறையைப் பாருங்கள். 12 கிலோ என்றால் 180 மில்லிகிராம். போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120" என்று இருந்தால் ஏழரை மில்லிலீற்றர் குடுக்கலாம். "250" என்று இருந்தால் மூன்றரை போதும். அதில் ஏழரை குடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். வீட்டுத் தேக்கரண்டி ஒன்றுபோல ஒன்று இருக்காது. அளவுக் கோப்பையிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து குடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து குடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இனி, தெரியாமல் நடக்கிற விஷயம். தடிமனுக்கு வாங்கும் பாணி பலவற்றில் பரசிட்டமோலும் கலந்திருக்கு. அதே 12 கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அம்மா காய்ச்சல் பாணி ஏழரை குடுத்துவிட்டு மலைக்குப் போகிறார். "மூக்கு ஒழுகுதே" என்று பாட்டி தடிமன் பாணி 5 மில்லிலீற்றர் குடுக்கிறார். அதிலும் 120 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 300. இப்படி நாலு தடவை போனால் ஒரு நாளில் 1200. இந்தப் பிள்ளைக்கு 720தான் எல்லை.

கூடினால் ஈரல் கெடும். முதல் நாள் பிள்ளை நல்லாத்தான் இருக்கும். வாந்தி, வயிற்றுவலி வந்தாலும் காய்ச்சலால்தான் என்று நினைத்துவிடுவோம். கண் மஞ்சளாகும்போது ஈரல் ஏற்கனவே கெட்டிருக்கும். அதனால் அளவு கூடியது தெரிந்தவுடனேயே இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு டிக்கோயா, நுவரெலியா என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து இருக்கு. எட்டு மணித்தியாலத்துக்குள் குடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

பாமசியில் தடிமன் பாணி தந்தால், "இதிலே பரசிட்டமோல் இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் இரண்டையும் சேர்த்துக் குடுக்காதீர்கள். குடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிவையுங்கள். பாட்டியும் பிள்ளைக்காம்பரா ஆயாவும் பார்த்துக்கொள்வார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டவேண்டாம். 2017இல் நாடெங்கும் டெங்கு பரவியது நினைவிருக்கும். டெங்குவே ஈரலைத் தாக்கும். இபுபுரூபன், டைக்லோபெனாக் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிக்கணும். கழுத்து விறைத்தால், வலிப்பு வந்தால், பிள்ளை எழுப்பியும் எழும்பாவிட்டால் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.