41-ஆம் செய்தி எங்கே போனது?

உடனடி அரட்டை வசதியைக் கட்டுவது பற்றிப் பல கோணங்களில் இந்தக் கருத்தரங்கு பேசப்போகிறது. தலைமை உரைக்கு நான் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது செய்திகளின் வரிசையைக் காப்பாற்றுவது எப்படி?

ஒரு நெல் கிடங்கின் குழுவை எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் காரில் போய்க்கொண்டே "50 மூட்டை ஏத்துங்க" என்று அனுப்புகிறார். சற்று நேரத்தில் மனம் மாறி "வேண்டாம், நிறுத்துங்க" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் சிக்னல் போய்த் திரும்புகிறது. கணக்கரின் போனில் இவை இடம் மாறி வந்தால் லாரி கிளம்பிவிடும். முதல் செய்தி இரண்டு தடவை வந்தாலும் அதே கதிதான்.

வெப்சாக்கெட் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். 2011 டிசம்பரில் RFC 6455 ஆக வெளிவந்த அந்த நெறிமுறை TCP மீது ஓடுகிறது. TCP ஓர் இணைப்புக்குள் வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும், உண்மைதான். ஆனால் அந்த உறுதி அந்த இணைப்போடு முடிந்துவிடுகிறது. அடுத்த இணைப்புக்கு முந்தையதைப் பற்றி ஒன்றும் தெரியாது. `send()` பிழையில்லாமல் திரும்பியது என்றால், பிரவுசர் செய்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அறுந்ததைக் கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். சிக்னல் போன நொடியிலேயே `onclose` வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இணைப்பு செத்துப்போயும் திறந்தே இருப்பதுபோலப் பல நிமிடங்கள் காட்சி தரலாம். நெறிமுறையில் பிங், பாங் உண்டு. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானே பாங் சொல்லிவிடும். ஆனால் நம் ஜாவாஸ்கிரிப்டால் பிங் அனுப்பவும் முடியாது, வந்ததை அறியவும் முடியாது. ஆகவே 25 நொடிக்கு ஒருமுறை சாதாரணச் செய்தியாகவே ஒரு நலம் விசாரிப்பை அனுப்பி, 10 நொடிக்குள் பதில் இல்லையென்றால் இணைப்பு போய்விட்டதென்று முடிவுகட்ட வேண்டும். என்ஜின்எக்ஸை முன்னால் வைத்திருந்தால் இன்னொரு பயனும் உண்டு: அதன் `proxy_read_timeout` இயல்பாக 60 நொடி. சர்வரிலிருந்து அவ்வளவு நேரம் எதுவும் வராவிட்டால் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். விசாரிப்புக்கு வரும் பதில் அதைத் தடுக்கிறது.

முடிவுகட்டியபின் `close()` அழைத்துவிட்டு `onclose` வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. அது எதிர்முனையோடு விடைபெறப் பார்க்கும், எதிர்முனையோ இல்லை. பழைய சாக்கெட்டைக் கைகழுவிவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டியதுதான். சர்வர் ஒருமுறை நின்று எழுந்தால் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும் என்பதால், காத்திருப்பில் தற்செயலைக் கலக்க வேண்டும்:

```js
const wait = Math.random() *
  Math.min(30000, 1000 * 2 ** attempt);
```

இனி வரிசைக்கு வருகிறேன். போனின் கடிகாரத்தை வைத்து வரிசைப்படுத்தலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். இரண்டு போன்களின் கடிகாரம் ஒத்துப்போகாது. சர்வர்கள் பல இருந்தால் அவற்றுக்குள்ளும் இம்மி வேறுபாடு இருக்கும். கடிகாரத்தை விட்டு நிகழ்வுகளின் முன்பின்னை எண்ணால் குறிக்க வேண்டும் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-இலேயே எழுதிவிட்டார். அரட்டைக்கு அது இன்னும் எளிது: ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரிசை எண், அதைக் கொடுப்பது ஒரே இடம்.

அந்த ஒரே இடம் எது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் `bigserial` போட்டால் எண் கிடைக்கும், ஆனால் எண் வாங்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றல்ல. ஒரு பரிவர்த்தனை 41-ஐ வாங்குகிறது, இன்னொன்று 42-ஐ வாங்கி முந்திக் கமிட் ஆகிறது. அந்தக் கணத்தில் கணக்கரின் போன் மீண்டும் இணைந்து 42-ஐப் பெறுகிறது. அடுத்தமுறை "42-க்குப் பின் என்ன?" என்று கேட்கிறது. பின்னால் கமிட் ஆன 41 அவருக்கு வரவே வராது. எங்கும் பிழைச் செய்தி இருக்காது, லாகில் எல்லாம் சரியாகவே தெரியும். இடையில் ஓர் எண் விட்டுப்போனதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. ரத்தான பரிவர்த்தனை வாங்கிய எண்ணும் திரும்பி வராது என்பதால், `bigserial` வரிசையில் ஓட்டை விழுவது இயல்பு. எந்த ஓட்டை தொலைந்த செய்தி, எது வெறும் ஓட்டை என்று போனுக்குத் தெரியாது.

எனவே எண்ணைக் குழுவின் வரியிலேயே வைத்து, செய்தி எழுதும் அதே பரிவர்த்தனையில் கூட்டுங்கள்:

```sql
BEGIN;
UPDATE rooms SET last_seq = last_seq + 1
  WHERE id = 7 RETURNING last_seq;  -- 41
INSERT INTO messages (room_id, seq, client_id, body)
  VALUES (7, 41, $1, $2);
COMMIT;
```

`UPDATE` அந்த வரியைப் பூட்டுகிறது. முதலாமவர் கமிட் ஆகும்வரை இரண்டாமவர் எண்ணே வாங்க முடியாது. ரத்தானால் எண்ணும் பழைய நிலைக்குப் போய்விடும், ஓட்டை விழாது. இப்போது போனிடம் 40 இருக்க 42 வந்தால், 41 எங்கோ இருக்கிறது என்பது உறுதி. அது 42-ஐத் திரையில் காட்டாமல் வைத்துக்கொண்டு 41-ஐக் கேட்டு வாங்கலாம்.

`client_id` என்பது அனுப்பும் போன் ஒவ்வொரு செய்திக்கும் தானே உருவாக்கும் அடையாளம். `room_id`, `client_id` இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வர முடியும் என்று டேட்டாபேஸில் கட்டுப்பாடு வைக்க வேண்டும். நம் உரிமையாளரின் "ஏத்துங்க" பழைய இணைப்பில் சர்வர்வரை போய், அங்கே தாமதப்பட்டு நிற்கிறது என்று வையுங்கள். ஒப்புகை வரவில்லை. போன் மீண்டும் இணைந்ததும், ஒப்புகை கிடைக்காத செய்திகளை முதலிலிருந்து அதே வரிசையில் அனுப்புகிறது. "ஏத்துங்க" 41, "நிறுத்துங்க" 42. அதன்பின் பழைய "ஏத்துங்க" வேலை தொடங்கினால் கட்டுப்பாட்டில் மோதி ரத்தாகும். சர்வர் முன்பு கொடுத்த 41-ஐயே பதிலாகத் தரும். லாரி நிற்கும். இதற்கு ஒரு நிபந்தனை: ஓர் இணைப்பில் வருகிற செய்திகளைச் சர்வர் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். நோடில் `async` கையாளியை அப்படியே மாட்டினால், முதல் செய்தி `await`-இல் நிற்கும்போது இரண்டாவது முந்திவிடும்.

கணக்கர் பக்கம் ஒரு சந்து மிச்சமிருக்கிறது. அவர் போன் "எனக்கு 40 வரை தெரியும்" என்று சொல்லி இணைகிறது. சர்வர் முதலில் பழையவற்றைப் படித்துவிட்டுப் பிறகு நேரடி ஒலிபரப்பில் சேர்த்தால், இரண்டுக்கும் இடையே கமிட் ஆனது விழுந்துவிடும். முதலில் ஒலிபரப்பில் சேர்த்து, பிறகு டேட்டாபேஸைப் படிக்க வேண்டும். இரண்டிலும் வருவதைப் போன் வரிசை எண்ணால் கழித்துவிடும். ரெடிஸ் பப்சப் வழியாக ஒலிபரப்புகிறவர்கள், அது கேட்பவர் இல்லாத நேரத்தில் வந்த செய்தியைச் சேமித்து வைக்காது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கடைசிச் செய்தியே தொலைந்தால் அடுத்தது வரும்வரை ஓட்டை தெரியாது. அதனால் நலம் விசாரிப்புக்கான பதிலிலேயே குழுவின் `last_seq`-ஐயும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஒரு கமிட்டுக்கு 5 மில்லிநொடி ஆனால் ஒரு குழுவில் நொடிக்கு ஏறத்தாழ 200 செய்திதான் எழுத முடியும். கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் அது தாராளம். லட்சம் பேர் ஒன்றாகக் கூடும் நேரலை அரட்டைக்குப் போதாது. அங்கே எல்லோருக்கும் ஒரே வரிசை தேவையா, அல்லது ஒருவருடைய செய்திகள் தமக்குள் வரிசை மாறாமல் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு சாய்வு இருக்கிறது: இரண்டாவதே போதும் என்பேன். முதல் அமர்வின் கட்டுரைகள் இதையே எடுத்துக்கொள்கின்றன என்பதால், மறுப்பவர்களின் வாதத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.