கீல் சும்மா இருக்கிற ஆள் இல்லை

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன். மன்னிப்பு உங்ககிட்ட இல்லை, என் சித்தி பொண்ணுகிட்ட.

அவ பதினொன்னாம் வகுப்பு படிக்கிறா. போன வாரம் ராத்திரி போன் பண்ணி, “அண்ணா, ஒரு கணக்குல எனக்கு 0.83 வருது, புக்ல 0.625-னு இருக்கு”ன்னா. என்சிஇஆர்டி புத்தகத்துல வந்த பிரபலமான கணக்கு அது. ஒரு மீட்டர் அகலம், 12 கிலோ எடை உள்ள கதவு. ஒரு ஓரத்துல கீல். 10 கிராம் தோட்டா நொடிக்கு 500 மீட்டர் வேகத்துல வந்து, கதவோட நட்டநடுவுல குத்தி உள்ளேயே தங்கிடுது. கதவு என்ன கோண வேகத்துல சுத்தும்?

அவ போட்ட வழி இது. தோட்டாவோட மொமென்டம் 0.01 × 500, அதாவது 5. மோதினதும் அது முழுசா கதவுக்குப் போகுது. 5-ஐ 12-ஆல வகுத்தா, கதவோட நடுப்புள்ளி நொடிக்கு 0.417 மீட்டர் வேகத்துல போகும். கீல்ல இருந்து அது அரை மீட்டர் தூரம். அதனால கோண வேகம் 0.83 ரேடியன்.

நானும் கேட்டுட்டு, “மோதல்ல மொமென்டம் மாறாதும்மா, புக்ல பிரின்டிங் மிஸ்டேக்கா இருக்கும்”னு சொல்லி வெச்சுட்டேன். மறுநாள் அவ வகுப்புல எழுந்து நின்னு அதையே சொல்லியிருக்கா. சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு: “தப்பு நம்ம பக்கம்தான்ணா.”

எங்க தப்பு? வெளியில இருந்து விசை வரலைன்னாதான் மொமென்டம் மாறாது. இங்க கீல் கதவைப் பிடிச்சிருக்கு. “மோதல் கண் இமைக்கிற நேரம்தானே, அதுக்குள்ள கீல் என்ன பண்ணிடும்”னு தோணும். புவியீர்ப்பு மாதிரியான விசைக்கு அந்த வாதம் சரி, மோதுதுங்கிறதுக்காக அது பெருசாகாது. கீல் அப்படி இல்லை. கதவோட அந்த ஓரம் நகராம இருக்க எவ்வளவு விசை வேணுமோ, அவ்வளவும் அது கொடுக்கும். தோட்டா பலமா அடிச்சா, கீலும் அதே நேரத்துல பலமா தள்ளும்.

அதுக்குத்தான் கோண உந்தம். கீலைச் சுத்தி கணக்கு போட்டா, கீலோட விசை சரியா அந்தப் புள்ளியிலயே வேலை செய்யுது. தூரம் பூஜ்யம், அதனால திருப்புவிசையும் பூஜ்யம். கீல் எவ்வளவு தள்ளினாலும் இந்தக் கணக்கைத் தொடவே முடியாது. வேற ஒரு புள்ளியைச் சுத்திப் போட்டா இந்த வசதி கிடைக்காது.

இப்போ போடுவோம். மோதலுக்கு முன்னாடி தோட்டாவோட கோண உந்தம் 5 × 0.5, அதாவது 2.5. கதவோட நிலைமத் திருப்புத்திறன் ML²/3, அதாவது 4. தோட்டா அதுல சேர்க்கிறது 0.0025-தான், விட்டுடலாம். 2.5-ஐ 4-ஆல வகுத்தா 0.625. புக் சரி.

இப்போ திரும்பிப் பாருங்க. கதவோட நடுப்புள்ளி வேகம் 0.3125, மொமென்டம் 3.75. வந்தது 5. மீதி 1.25-ஐ கீல் பின்னாடி தள்ளி எடுத்துக்கிச்சு.

இதைச் சொன்னதும் அவ கேட்டா: “அப்போ கீல் எப்பவும் பின்னாடிதான் தள்ளுமா?” நல்ல கேள்வி. தோட்டா கீல்ல இருந்து எதிர் ஓரத்துல, ஒரு மீட்டர் தூரத்துல குத்துதுன்னு வெச்சுப்போம். கோண உந்தம் 5, கோண வேகம் 1.25, கதவோட மொமென்டம் 7.5! வந்ததை விட அதிகம். இந்த முறை கீல் முன்னாடி தள்ளியிருக்கு.

நம்ப முடியலைன்னா ஒரு 30 செ.மீ. ஸ்கேலை வழவழப்பான மேசையில வெச்சு விரலால சுண்டிப் பாருங்க. நடுவுல சுண்டினா முழுசா முன்னாடி போகும். ஒரு நுனியில சுண்டினா, மறுநுனி பின்னாடி வரும். கதவுல அந்த ஓரத்தை நகரவிடாமப் பிடிக்கிறதுதான் கீலோட வேலை. முன்னாடி போகப் பார்த்தா பின்னாடி இழுக்கும், பின்னாடி வரப் பார்த்தா முன்னாடி தள்ளும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கணும் இல்லையா? இருக்கு. கீல்ல இருந்து அகலத்துல மூணுல ரெண்டு பங்கு தூரம். அங்க குத்தினா கதவோட மொமென்டம் சரியா 5. கீலுக்கு வேலையே இல்லை. என் தங்கச்சி போட்ட வழி சரியா வர்றது அந்த ஒரே இடத்துலதான். ஸ்கேல்லயும் 20 செ.மீ. கிட்ட சுண்டிப் பாருங்க, பூஜ்யம் இருக்கிற நுனி கிட்டத்தட்ட அசையாது.

வீட்டுல கதவு சுவத்துல இடிக்காம இருக்க ரப்பர் ஸ்டாப்பர் வைப்போம்ல? அதையும் கீல்ல இருந்து மூணுல ரெண்டு பங்கு தூரத்துல வெச்சா, கதவு வேகமா வந்து இடிச்சாலும் கீல் ஸ்க்ரூ மேல அடி விழாது. கீலுக்குப் பக்கத்துல வெச்சா ஒவ்வொரு இடிக்கும் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வரும்.

இதையும் அவகிட்ட சொல்லிட்டேன். இந்த தடவை கணக்கைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்.